ஊருணிக் கல்லில் ‘வெட்டுவித்தார்’, பக்கத்துப் பலகையில் ‘மேட்’

கானாடுகாத்தான் பக்கம்
எங்கள் ஊருணிக் கல்லில் ‘இவ்வூருணியை வெட்டுவித்தார்’ என்று இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் படிக்க இப்போது பக்கத்தில் ஒரு பலகை: ‘மேட் தி மென் டிக்’. பணம் போட்ட செட்டியாரைச் சாட்டையோடு கரையில் நின்றவர் மாதிரி ஆக்கிவிட்டார்கள். அந்த ‘மேட்’ உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தேவகோட்டை வாத்தியார்
இதில் என்ன தப்பு? வினையோடு வி, ப்பி வந்தால் ஆங்கிலத்தில் மேக். விடு வந்தால் லெட். வியா ப்பியா என்பதற்கு நிகழ்காலத்தைப் பாருங்கள். ‘படிக்கிறான்’ என்று க் இரட்டித்தால் படிப்பி, ‘செய்கிறான்’ என்று இரட்டிக்காவிட்டால் செய்வி. முடிந்தது.

பழைய ஏடு
இரட்டிப்புக் கணக்கு பெரும்பாலும் சரி, உண்பி, காண்பி, கற்பி போன்றவை அதில் அடங்காது. உதைப்பது மேக் கணக்குதான். வெட்டுவித்தார் என்பதில் வற்புறுத்தலும் இல்லை, அனுமதியும் இல்லை. ஏற்பாடு அவருடையது, மண்வெட்டி பிடித்தது வேறு ஆள், அவ்வளவே. ஆங்கிலத்தில் ‘ஹேட் இட் டக்’ என்பதுதான் கிட்ட வரும். வெட்டியவர்களையும் சொல்ல வேண்டுமானால் ‘ஆட்களைக் கொண்டு வெட்டுவித்தார்’ என்போம். ‘ஆட்களை ஊருணி வெட்டுவித்தார்’ காதில் இடறும். ஆட்களுக்கு நேராக ‘ஐ’ போட்டால் வாய் தானாக ‘வெட்ட வைத்தார்’ என்று போய்விடும். பலகை எழுதியவர் மனதில் ஓடியது அதுவாக இருக்கும்.

ஆச்சி சமையல்
வை என்றாலே வற்புறுத்தலா? அரிசியை ஊற வைக்கிறோமே, அது என்ன மாட்டேன் என்றதா! பாலைப் பொங்க வைத்தால் பொங்கல், பொங்க விட்டால் அடுப்பைத் துடைக்கணும். அப்பச்சி ‘பேத்தியைப் படிக்க வைத்தார்’ என்றால் பீஸ் கட்டினார் என்று அர்த்தம். அதை ‘மேட் ஹெர் ஸ்டடி’ என்று எழுதினால் பிரம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்றாகிவிடும்.

தேவகோட்டை வாத்தியார்
ஊருணிப் பேச்சில் பால் எங்கே வந்தது? என் கேள்வி வேறு. பணம் போட்டவர் மேஸ்திரியிடம் சொல்லி, மேஸ்திரி ஆட்களிடம் சொல்லியிருப்பார். அப்படியானால் கல்லில் ‘வெட்டுவிப்பித்தார்’ என்றல்லவா இருக்கணும்?

பழைய ஏடு
நன்னூல் இடம் தருகிறது: ஒன்று வந்தால் ஓர் ஏவல், இரண்டு சேர்ந்தால் ஈரேவல். ஆனால் கல்லில் பேர் போடுவது பணம் போட்டவருக்கு. நடுவில் எத்தனை மேஸ்திரி என்று ஏன் எண்ணணும்?

ஒன்று சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். சந்தேகம் வந்தால் வினைக்கு முன்னால் ‘ஆளைக் கொண்டு’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருள் மாறாமல் உட்கார்ந்தால் அது வி. ‘தடுக்காமல்’ உட்கார்ந்தால் விடு, அங்கேதான் லெட். கற்பி, அறிவி, காண்பி மூன்றிலும் இந்தச் சோதனை பலிக்காது. அவை தனிச் சொல்லாகவே இறுகிவிட்டன. ‘ஆளைக் கொண்டு அறிவித்தார்’ என்றால் இடையில் இன்னோர் ஆள் புகுந்துவிடுகிறார். பேச்சில் புதிதாக வி ஒட்டவும் வேண்டாம். ‘தூங்குவித்தாள்’ என்று எந்தத் தாயும் சொல்வதில்லை, ‘தூங்க வைத்தாள்’தான்.

கானாடுகாத்தான் பக்கம்
‘ஹேட் இட் டக்’ என்று மாற்றச் சொன்னேன். வெள்ளைக்காரருக்கு அது வீட்டில் குழாய் போட்ட மாதிரி கேட்குமாம், ‘டக் பை’ போதும் என்கிறார்கள். அப்படி எழுதினால் செட்டியாரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார் என்றாகாதா?