தேதியில் 90 கழித்தால் நிதியாண்டு வந்துவிடுமா?

முத்துவேல்: பவர் பிஐயில் டேட் டேபிள் போடுகிறேன். எங்கள் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. YEAR போட்டால் ஜனவரியிலேயே வருடம் மாறிவிடுகிறது. நிதியாண்டை எப்படிக் கொண்டுவருவது?

ராஜகுரு: தம்பி, இதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் சேர்ந்தால் 90 நாள். தேதியில் 90 கழித்துவிட்டு வருடத்தை எடுங்கள், முடிந்தது. 2021இலிருந்து எங்கள் ஆபீஸில் இப்படித்தான் ஓடுகிறது. ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

சுமதி: இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. ராஜகுரு சார், உங்கள் டேபிளில் 31-03-2024 எந்த வருடத்தில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? அந்த வருடம் பிப்ரவரிக்கு 29 நாள். மூன்று மாதமும் சேர்ந்தால் 91. மார்ச் 31இலிருந்து 90 கழித்தால் 01-01-2024 வரும். அதாவது 2023-24இன் கடைசி நாள் தாவி அடுத்த வருடத்தில் போய் உட்கார்ந்துவிடும். வருடம் முழுக்க வேறு எந்த நாள் தப்பினாலும் பொறுத்துக்கொள்ளலாம், மார்ச் 31 தப்பலாமா?

ஒரு நூல் வியாபாரியின் கணக்கில் நான் இதைப் பட்டு அனுபவித்தேன். டாலியில் உள்ள விற்பனையைவிட ரிப்போர்ட்டில் குறைவு. இரண்டு நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால் மார்ச் 31 தேதியிட்ட 17 பில் அடுத்த வருடத்தில் கிடக்கிறது. இரண்டு வருடத்தையும் கூட்டினால் தொகை சரியாக வரும், அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

முத்துவேல், நீங்கள் நாளைக் கழிக்காதீர்கள், மாதத்தைக் கழியுங்கள்:

```
FYStart = YEAR(EDATE('Date'[Date], -3))
```

மார்ச் 31 என்றால் முந்தைய டிசம்பர் 31 வரும். லீப் வருடமா இல்லையா என்ற கேள்வியே எழாது.

ராஜகுரு: நாலு வருடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாள். அதுவும் 2024இல் மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு யார் பில் போட்டார்கள்? இதற்குப் போய் இவ்வளவு பெரிய பதிவா மேடம்?

சுமதி: ஞாயிறாக இருந்தும் அன்று அரசுக் கணக்கு பார்க்கும் வங்கிகளைத் திறந்து வைக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. வருடக் கடைசி நாளில் என்ன நடக்கும் என்று கணக்கு எழுதுகிறவர்களைக் கேளுங்கள். ஆண்டு இறுதித் தள்ளுபடி, தேய்மானம், சரக்கு இருப்பு எல்லாம் மார்ச் 31 தேதியில்தான் பதிவாகும். ஞாயிறு, திங்கள் எல்லாம் அப்புறம். 31-03-2024 எந்த வருடத்தில் இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

ஹமீது: சண்டை எதற்கு? லீப் வருடமானால் 91, இல்லாவிட்டால் 90 என்று ஒரு IF போட்டால் ராஜகுரு அண்ணன் வழியே சரியாகிவிடும்.

சுமதி: ஹமீது, வருடத்துக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. எந்நேரமும் 91 என்று வைத்துவிட்டால் மட்டும் சாதாரண வருடத்தில் ஏப்ரல் 1 பின்னால் போய்விடும். ஆனால் கழித்து வந்த தேதியை வைத்தே காலாண்டையும் எடுப்பார்களே, அங்கே IF போட்டும் காப்பாற்ற முடியாது. ஜூன் 30, 2025இலிருந்து 90 கழியுங்கள். ஏப்ரல் 1 வரும். முதல் காலாண்டின் கடைசி நாள் இரண்டாம் காலாண்டுக்குப் போய்விட்டது. இது நாலு வருடத்துக்கு ஒருமுறை இல்லை, வருடா வருடம். EDATE போட்டால் மார்ச் 30 வரும், முதல் காலாண்டிலேயே நிற்கும்.

ராஜகுரு: நான் காலாண்டு பற்றி எங்கே பேசினேன்? தம்பி கேட்டது வருடம். கேட்காததை எல்லாம் இழுத்துப்போட்டு என்னைத் தப்பு என்று காட்ட வேண்டாம். போன மாதம் நான் போட்ட பதிவிலும் நீங்கள் இப்படித்தான் வந்தீர்கள்.

சுமதி: போன மாதப் பதிவு இருக்கட்டும். 31-03-2024?

ஜெயந்தன்: நான் இருப்பது ஜப்பானில். இங்கேயும் ஏப்ரல் முதல் மார்ச் வரைதான், ஆனால் தொடங்கும் வருடத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். 2024 என்றால் ஏப்ரல் 2024இல் தொடங்குவது. சென்னை டீம் அதையே FY25 என்று அனுப்புகிறது. ஒரே டேபிளில் இரண்டையும் சேர்த்தபோது ஒரு வருட விற்பனை முழுதாக இடம் மாறிவிட்டது. முத்துவேல், பெயரை முதலில் முடிவு செய்யுங்கள். என் கருத்தில் தொடங்கும் வருடம்தான் முறை.

ராஜகுரு: இது இந்தியக் கணக்கு சார். இங்கே கம்பெனிகள் எல்லாம் முடியும் வருடத்தைத்தான் சொல்கின்றன. FY25 என்றால் மார்ச் 2025இல் முடிவது. ஜப்பானை இங்கே கொண்டுவராதீர்கள்.

ஜெயந்தன்: அப்படியானால் உங்கள் 90 கழிக்கும் வழி தொடங்கும் வருடத்தைத்தானே தருகிறது? ஜூலை 2024க்கு 2024 வரும், 2025 வராது.

ராஜகுரு: ஒன்று கூட்டிக்கொள்ள எங்களுக்குத் தெரியும்.

சுமதி: பெயருக்காக அடித்துக்கொள்ள வேண்டாம். பட்ஜெட்டிலும் பாலன்ஸ் ஷீட்டிலும் உள்ளபடி 2024-25 என்றே எழுதிவிடுங்கள். இரண்டு வருடமும் கண்ணுக்குத் தெரியும்.

```
FY = [FYStart] & "-" & RIGHT([FYStart] + 1, 2)
```

ஜெயந்தன்: எங்கள் ஆட்கள் அதையும் ஏற்க மாட்டார்கள். ஒற்றை எண்தான் வேண்டும் என்பார்கள்.

முத்துவேல்: EDATE போட்டேன், வருடம் சரியாக வருகிறது. ஆனால் TOTALYTD இன்னமும் ஜனவரி 1 அன்று பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது. டேபிளில் நிதியாண்டு இருந்தும் ஏன்?

ஹமீது: அது உங்கள் நெடுவரிசையைப் பார்க்கவே பார்க்காது தம்பி. வருடம் என்றைக்கு முடிகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டும்:

```
TOTALYTD([Sales], 'Date'[Date], "3/31")
```

டேபிளும் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியட்டும், நடுவில் ஒரு தேதியும் விடுபடக் கூடாது. CALENDARAUTO(3) போட்டால் தானாகவே அப்படி வரும்.

சுமதி: CALENDARAUTO போடும் முன் மாடலில் ஊழியர்களின் பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 1968இல் பிறந்த ஒருவர் இருந்தால் டேபிள் அங்கிருந்து ஆரம்பிக்கும். CALENDAR போட்டு இரண்டு தேதியையும் நீங்களே கொடுப்பதுதான் நல்லது.

ஹமீது: எங்களிடம் பிறந்த தேதி எதுவும் இல்லை, நன்றாகவே ஓடுகிறது.

சுமதி: ராஜகுரு சார், உங்கள் ஃபைலைத் திறந்து வருடத்துக்கு எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். 2023-24க்கு 366 வர வேண்டும். உங்களுக்கு 365தான் வரும், அந்த ஒரு நாள் 2024-25இல் கூடுதலாக இருக்கும்.

முத்துவேல்: நான் இரண்டு வழியிலும் போட்டு எண்ணினேன். EDATEக்கு 366. 90 கழித்ததற்கு 365.

ராஜகுரு: எண்ணி என்ன? எங்கள் ஆடிட்டர் மூன்று வருடமாகக் கையெழுத்துப் போடுகிறார். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

சுமதி: ஆடிட்டர் கையெழுத்துப் போடுவது டாலியிலிருந்து எடுத்த பாலன்ஸ் ஷீட்டில். உங்கள் பவர் பிஐ ரிப்போர்ட்டில் இல்லை. 31-03-2024 எந்த வருடத்தில் இருக்கிறது சார்?

ராஜகுரு: 2021இலிருந்து ஓடுகிறது மேடம். ஓடும்.

ஜெயந்தன்: பெயர் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஜூலை 2024, 2024ஆ 2025ஆ?