[கலைச்சொல்] காலையில் எகிறும் அழுத்தம், நாளுக்கொன்றாக மாறும் அழுத்தம்: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வைப்பவர்களுக்காகப் பக்கவாதத் தடுப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் இரண்டு ஆபத்துக் காரணிகள் அடுத்தடுத்து வருகின்றன. தூங்கி எழும் வேளையில் அழுத்தம் விறுவிறுவென்று ஏறுவது ஒன்று. ஒரே ஆளுக்கு இன்று ஓர் அளவும் நாளை வேறோர் அளவும் வருவது இன்னொன்று. முதல் வரைவில் இரண்டுக்கும் "ஏற்ற இறக்கம்" என்றே இருந்தது. படித்துப் பார்த்தவர், "ஒரே செய்தி இருமுறை வந்துள்ளது, ஒரு பத்தியை நீக்கலாம்" என்று ஓரத்தில் எழுதிவிட்டார். "காலை எழுச்சி", "நாளுக்கு நாள் மாறுபாடு" என்று வைக்க நினைக்கிறேன். சரியா?

கணேசன்:

இரண்டும் அடிப்படையில் ஒன்றுதானே அம்மா? அழுத்தம் நேரத்தோடு மாறுகிறது, அவ்வளவுதான். இயற்பியலில் இதற்கு "அலைவு" என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நாளுக்குள் நடந்தால் குற்றலைவு, பல நாள் நடந்தால் நெட்டலைவு. ஒரே வேர்ச்சொல்லில் இரண்டும் அடங்கிவிடும்.

மருத்துவர் சுந்தர்:

இரண்டும் நேரத்தோடு மாறுபவை என்பதில் கணேசன் ஐயா சொல்வது சரி. ஆனால் அலைவு என்றால் ஓர் ஒழுங்கான காலமுறை வேண்டும். முதலாவதற்கு அது உண்டு: தூக்கத்தில் தாழ்ந்து, விழித்ததும் ஏறும். இரண்டாவதற்குக் காலமுறையே கிடையாது. நாளை எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாமல் இருப்பதுதான் அங்கே சிக்கல்.

அளக்கும் முறையும் வேறு. முதலாவதைக் கணக்கிட 24 மணி நேரம் கையில் கட்டிவிடும் கருவி வேண்டும். இரவில் பதிவான மிகத் தாழ்ந்த மேல் அளவையும், அதற்கு முந்தைய, பிந்தைய அளவுகளையும் சேர்த்து மூன்றின் சராசரி எடுக்கிறோம். எழுந்த பிறகு இரண்டு மணி நேரத்தில் பதிவான அளவுகளின் சராசரியிலிருந்து அதைக் கழிக்கிறோம். இரண்டாவதற்கு வீட்டுக் கருவி போதும். தினமும் ஒரே நேரத்தில் பார்த்த அளவுகளின் திட்டவிலக்கம்தான் கணக்கு.

கற்பனையாக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவரின் இரவுத் தாழ்நிலை 104, அக்கம்பக்க அளவுகள் 108, 109, சராசரி 107. எழுந்தபின் 158, 164, 166, 160, சராசரி 162. ஏற்றம் 55; ஆபத்து கூடும் எல்லையாக ஓர் ஆய்வு எடுத்துக்கொண்டதும் இந்த அளவைத்தான். இவரே ஏழு நாள் காலையில் எழுந்ததும் வீட்டில் பார்த்தவை 150, 146, 154, 148, 152, 151, 149. சராசரி 150, திட்டவிலக்கம் 2.6 மட்டுமே.

இரண்டாமவரின் தாழ்நிலைச் சராசரி 131, எழுந்தபின் 151. ஏற்றம் வெறும் 20. வீட்டில் ஏழு நாள்: 150, 132, 168, 141, 163, 138, 158. இதற்கும் சராசரி 150தான், ஆனால் திட்டவிலக்கம் 13.6. வீட்டுச் சராசரியை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே ஆள்போலத் தெரிவார்கள். ஒருவருக்கு விடியும்போது ஆபத்து கூடுகிறது. மற்றவருக்கு எந்த நாளை நம்புவது என்றே தெரியவில்லை. ஒரே வேர்ச்சொல் கொடுத்தால் இந்த வேறுபாடு போய்விடும்.

புலவர் அரங்கநாதன்:

சொல்லுக்கு வருவோம். "காலை எழுச்சி" என்றால் தமிழ்க் காதில் காலையில் துயில் எழுதல் என்றுதான் விழும். பள்ளி என்பது படுக்கை. பள்ளியெழுச்சி துயில் நீங்குதல். "எழுச்சி ஆபத்தானது" என்று கையேட்டில் அச்சிட்டால், எழுந்திருக்கவே கூடாதோ என்று வாசகர் மயங்குவார். கடல் பொங்குவதற்கு "ஓதம்" என்ற பழஞ்சொல் உண்டு. வைகறை, யாமத்தை அடுத்த சிறுபொழுது, மருதத்துக்கு உரியது. "வைகறைக் குருதியோதம்" என்பேன். வைகுதல் என்பது தங்குதல்; இரவு தங்கி நின்று அறும் பொழுது என்று பிரித்துப் பார்த்தால், தாழ்ந்து கிடந்த அழுத்தம் அந்த நிலையை அறுத்து ஏறுவதும் அதே சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

நூர்ஜஹான்:

ஐயா, ஓதம் என்றால் எங்கள் வார்டில் விரை வீக்கம். அந்தக் கையேட்டை யாரும் கையில் வாங்க மாட்டார்கள். நோயாளிகள் "காலையில பிரஷர் எகிறுது" என்கிறார்கள். "காலை எகிறல்" என்றே வைத்தால் என்ன?

புலவர் அரங்கநாதன்:

எகிறல் கொச்சை அம்மா. கலைச்சொல் வகுப்பறையிலும் நிற்க வேண்டும்.

ஜெயந்தி:

எனக்கு ஒரு சந்தேகம். என் வீட்டுக் கருவியில் காலை 148, இரவு படுக்கும் முன் 126. வித்தியாசம் 22. இதைத்தானே நீங்கள் எழுச்சி என்கிறீர்கள்? 55ஐத் தாண்டாததால் கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மருத்துவர் சுந்தர்:

இல்லை அம்மா, அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் இரண்டு அளவுகளும் விழித்திருக்கும்போது எடுத்தவை. தூக்கத்தில் எவ்வளவு தாழ்ந்தது என்பது அதில் இல்லை. நீங்கள் பார்ப்பது "காலை உயர் அழுத்தம்", அது மூன்றாவது செய்தி. வீட்டு அளவுக்கு 135தான் வழக்கமான எல்லை. 148 ஒரு வாரம் தொடர்ந்து வந்தால் 55க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் விழுங்கும் மாத்திரையின் வேகம் மறுநாள் விடியுமுன் தீர்ந்துபோவது ஒரு பொதுவான காரணம். நேரத்தை நீங்களாக மாற்றாமல், குறித்த தாளோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

இந்தக் கேள்வியே நம் விவாதத்துக்குப் பயன்படும். "காலை" என்ற சொல்லைப் போட்டவுடன் காலை அளவையும் காலை ஏற்றத்தையும் மக்கள் ஒன்றாக்கிவிடுவார்கள். கணக்கின் தொடக்கம் கடிகாரம் அல்ல, விழித்த நேரம். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கி மாலையில் எழுபவருக்கு மாலையிலிருந்துதான் எண்ண வேண்டும். ஆகவே "விழிப்பு ஏற்றம்" என் முன்மொழிவு.

புலவர் அரங்கநாதன்:

கண்விழித்தல் என்றால் இரவெல்லாம் தூங்காதிருத்தல் என்றும் பொருள். "விழிப்பு" இன்று விழிப்புணர்வாகவும் ஆகிவிட்டது. ஏற்றம் நல்ல சொல், இறைக்கும் ஏற்றமும் தாழ்ந்து உயர்வதுதான். அதை ஏற்கிறேன். முன்னொட்டு "வைகறை"யே இருக்கட்டும்.

இரண்டாவது சொல்லில் பெரிய பிழை உள்ளது. "விலை நாளுக்கு நாள் ஏறுகிறது" என்கிறோம். "நாளுக்கு நாள்" என்றாலே ஒரே திசையில் கூடுவது அல்லது குறைவது. "நாளுக்கு நாள் மாறுபாடு" என்பதை, அழுத்தம் படிப்படியாகக் கூடிக்கொண்டே போகிறது என்றுதான் படிப்பார்கள். "நாளிடை மாறுபாடு" என்க.

கணேசன்:

"இடை" ஏழாம் வேற்றுமைப் பொருளிலும் வருமே ஐயா? நாளிடை என்றால் நாளின்கண், அதாவது ஒரு நாளுக்குள். நேர் எதிர்ப்பொருள் ஆகிவிடும்.

புலவர் அரங்கநாதன்:

நன்று சொன்னீர். அப்படியானால் பன்மை வேண்டும்: "நாள்களிடை மாறுபாடு". தயவுசெய்து "நாட்களிடை" என்று எழுதாதீர்கள். நாட்கள் என்றால் நாட்பட்ட கள்.

மலர்விழி:

நாள்கள், நாட்கள் விவாதத்தை இந்த இழையில் தொடர வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். கள்ளைப் பற்றி மட்டும் தனி மடல்கள் வந்துவிட்டன. இரண்டும் உண்மையிலேயே தனித்தனிக் காரணிகள்தானா? அதற்குச் சான்று உண்டென்றால்தான் இரண்டு பத்திகளையும் காப்பாற்ற முடியும்.

மருத்துவர் சுந்தர்:

ஜப்பானில் காரியோ குழுவினர் உயர் அழுத்தமுள்ள முதியவர்கள் 519 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்டார்கள். ஏற்றம் 55ஐ எட்டிய மேல் பத்தில் ஒரு பங்கினருக்கு, 24 மணி நேர அளவைக் கணக்கில் கொண்ட பிறகும், பக்கவாதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு. அதே நாட்டில் ஓஹசாமா என்ற ஊரில் வீட்டு அளவுகளை வைத்து நடந்த ஆய்வு 2008இல் வந்தது. சராசரியைக் கழித்துப் பார்த்தாலும், நாளுக்கொன்றாக மாறுவது பக்கவாத இறப்போடு தொடர்புடையதாக இருந்தது.

முதலாவதற்கு ஒரு மறுப்பும் உண்டு. இரவில் நன்றாகத் தாழ்பவருக்குக் கணக்குப்படியே ஏற்றம் பெரிதாகத்தான் வரும். இரவில் தாழ்வது நல்லதும்கூட. இத்தாலியில் வெர்தேக்கியா குழு 2012இல், ஏற்றம் மழுங்கியவர்களுக்கே இதய, இரத்தக்குழாய் நோய்கள் கூடுதலாக வந்ததாகக் காட்டியது. ஆகவே "55 வந்தால் ஆபத்து" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். ஒரே ஆளுக்கு வேறொரு நாள் பதிவு செய்தால் ஏற்றம் கணிசமாக மாறவும் கூடும்.

இன்னொன்று. மருத்துவரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் அளவு மாறுவதை ராத்வெல் 2010இல் விரிவாக எழுதினார். அது வாரங்கள், மாதங்கள் இடைவெளியில் வருவது. "நாள்களிடை" அதை விழுங்கிவிடக் கூடாது.

நூர்ஜஹான்:

இரண்டாவது பத்தியில் ஒரு எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். பாதி மாறுபாடு அளப்பதில் வருகிறது. ஒரு நாள் இடக்கை, மறுநாள் வலக்கை. ஒரு நாள் சிறுநீர் அடக்கிக்கொண்டு, மறுநாள் காபிக்குப் பிறகு. எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்து, மாத்திரைக்கும் சிற்றுண்டிக்கும் முன், முதுகு சாய்த்து ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து, ஒரே கையில் இரண்டு முறை பார்க்க வேண்டும். மாத்திரை விட்டுப்போன நாளைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அதுவே பல நேரம் காரணம். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் அடுத்தடுத்த அளவுகள் 20, 30 என்று தாவினால் நாடித்துடிப்பு சீரில்லாமல் இருக்கலாம். இதய மேலறை நடுக்கத்தில் வீட்டுக் கருவி தடுமாறும். அந்த நடுக்கமே பக்கவாதத்துக்குத் தனிக் காரணம் என்பதால் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

சொல் எதுவானாலும், குறிப்பேட்டின் தலைப்பில் "நாளுக்கொரு அளவு" என்று இருக்கட்டும். "நாள்களிடை மாறுபாடு" என்று போட்டால் அந்தக் கட்டத்தை யாரும் நிரப்ப மாட்டார்கள்.

கணேசன்:

அலைவைத் திரும்பப் பெறுகிறேன். பாடநூலில் "மாறுபாட்டுக் கெழு" ஏற்கெனவே இருப்பதால் "மாறுபாடு" பொருந்துகிறது. ஆனால் திட்டவிலக்கம் நாள்களின் வரிசையைப் பார்ப்பதில்லை. சுந்தர் தந்த இரண்டாவது ஆளின் ஏழு எண்களை 132 முதல் 168 வரை ஏறுவரிசையில் அடுக்கினாலும் அதே 13.6தான். ஆனால் அது தாவல் இல்லை, ஒரே திசை ஏற்றம். புலவர் ஐயா சொன்ன "நாளுக்கு நாள்" அதற்குத்தான் பொருந்தும்.

மருத்துவர் சுந்தர்:

சரியான கண்டுபிடிப்பு. அதற்காகத்தான் அடுத்தடுத்த நாள்களின் வேறுபாட்டுச் சராசரியையும் பார்க்கிறோம். உங்கள் ஏறுவரிசையில் அது 6, உண்மை வரிசையில் ஏறத்தாழ 25.

மலர்விழி:

நாளை பக்கங்களை அனுப்பியாக வேண்டும். நால்வர் "காலை ஏற்றம்", "நாள்களிடை மாறுபாடு" என்கிறார்கள், அவற்றையே வைக்கிறேன். குறிப்பேட்டில் மட்டும் "நாளுக்கொரு அளவு". "காலை ஏற்றம்" வரும் முதல் இடத்தில் "விழித்த நேரத்திலிருந்து எண்ணுக" என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஜெயந்தி அம்மா குழப்பிக்கொண்ட "காலை உயர் அழுத்தம்" தனிப் பெட்டியாக வரும்.

மருத்துவர் சுந்தர்:

இரவு வேலைக்காரர்களுக்கு "காலை" பொருந்தாது என்ற என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அந்த ஒரு வரி இருப்பதால் அச்சுக்குத் தடை சொல்லவில்லை.

புலவர் அரங்கநாதன்:

"வைகறை"யை விட்டது தவறு. அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.