ஓட்டாண்டியாகும் நிகழ்தகவு: சூத்திரம் 0.995, சிமுலேஷன் 0.65. எது தப்பு?

கதிர்: கையில் 50 காசு, எதிராளியிடம் 50. சுற்றுக்கு ஒரு காசு பந்தயம். 38 கட்ட ரூலெட்டில் சிவப்பு, அதாவது ஜெயிக்க 18/38. ஒருவர் கை காலியாகும்வரை ஆட்டம். r = 20/18 என்று வைத்து

```
(r^50 - r^100) / (1 - r^100)
```

போட்டால் நான் ஓட்டாண்டியாக 0.995 வருகிறது. பைத்தானில் ஓடவிட்டால் 0.65 பக்கத்திலேயே நிற்கிறது. ஓர் ஆட்டத்துக்கான பகுதி:

```python
for _ in range(1000):
    x += 1 if random.random() < 18/38 else -1
    if x == 0:
        ruin += 1
        break
    if x == 100:
        break
```

மீனா_புள்ளி: ஆட்ட எண்ணிக்கை போதாது. 10,000 ஆட்டம் என்றால் ஒரு லட்சமாக்கிப் பாருங்கள்.

கதிர்: ஆக்கினேன். அதே 0.65.

சுழல்: தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்குங்கள். நான் அப்படித்தான் ஆடுவேன், இதுவரை மோசமில்லை.

பழையகணக்கு: சுழல், அவர் கேட்பது ஒரே அளவு பந்தயம் பற்றி. இரட்டிப்பாக்கினால் இந்தச் சூத்திரமே பொருந்தாது.

கதிர், சூத்திரம் சரி. `range(1000)`தான் வில்லன். உங்கள் ஆட்டத்துக்கு மூன்றாவது முடிவு ஒன்று இருக்கிறது: ஆயிரம் சுற்று தாண்டியும் இருவர் கையிலும் காசு. அதை நீங்கள் எண்ணவே இல்லை, ஆனால் வகுக்கும்போது மொத்தத்தில் சேர்த்துவிட்டீர்கள். சுற்றுக்குச் சராசரியாக 1/19 காசுதான் போகிறது. 50 காசு கரைய 950 சுற்று. அபூர்வமாக நீங்கள் ஜெயிக்கும் ஆட்டங்களையும் கணக்கில் எடுத்தால் சராசரி 940. சராசரியை ஒட்டியே வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு ஆட்டம் பாதியில் நிற்கத்தானே செய்யும்? மீனா சொன்னபடி ஆட்டத்தைக் கூட்டினால் எண் ஆடுவது குறையும், ஆனால் 0.65லேயே உறுதியாக நிற்கும்.

`for` வரியை `while 0 < x < 100:` ஆக்குங்கள். மாற்றும் முன் `ruin`, ஜெயித்தது, முடியாதது மூன்றையும் தனித்தனியாக அச்சிட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரும்.

கதிர்: முடியாதது 35 சதவீதம் பக்கம்! `while` போட்டதும் 0.995. அப்புறம், நியாயமான நாணயத்துக்கு 0.5 கொடுத்தால் சூத்திரத்தில் `ZeroDivisionError`.

மீனா_புள்ளி: அங்கே r = 1, மேலும் கீழும் பூஜ்யம். அதைத் தனியாக `1 - 50/100` என்று போட வேண்டும். அந்த ஆட்டம் சராசரியாக 2500 சுற்று இழுக்கும், அதனால் ஆயிரத்தில் வெட்டினால் இன்னும் மோசம்.

சுழல்: ஒரே பூஜ்யம் உள்ள 37 கட்டச் சக்கரம் என்றால்?

பழையகணக்கு: r = 19/18. தோற்க 0.937. ஒரு கட்டம் குறைந்ததற்கே ஜெயிக்கும் வாய்ப்பு அரை சதவீதத்திலிருந்து ஆறு சதவீதத்துக்கு மேல் போகிறது. r அடுக்கில் 50 இருப்பதன் வேலை அது.

கதிர்: ஒரு குழப்பம் மிச்சம். பயிற்சித் தாளில் “ஓரிரவு ஆடினால்” என்று இருக்கிறது, சுற்று எண்ணிக்கை இல்லை. அப்போது எந்த எண்ணை எழுதுவது?

பழையகணக்கு: எண்ணிக்கை தராமல் அதற்கு விடை கிடையாது. ஆயிரம் சுற்று என்றால் உங்கள் பழைய 0.65தான் சரியான விடை. கேட்டவரிடமே கேளுங்கள்.