கர்சிவ் வேகமா, பிரிண்ட் வேகமா? தெளிவு மதிப்பெண் எல்லாருக்கும் ஒரேமாதிரி வருகிறது, உதவுங்கள்

ஏழாம்வகுப்பு டீச்சர்

என் வகுப்புப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கர்சிவில் எழுதச் சொல்வதா, தனித்தனியாக எழுதும் பிரிண்டிலேயே விட்டுவிடுவதா என்று முடிவெடுக்க ஏதாவது ஒரு எண் கையில் வேண்டும். அதற்காக ஒரு சின்னச் சோதனை வைத்தேன். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. முதலில் பிரிண்டில் இரண்டு நிமிடம், கொஞ்சம் ஓய்வு, அப்புறம் அதே பத்தியைக் கர்சிவில் இரண்டு நிமிடம். எழுதிய எழுத்துகளை எண்ணி இரண்டால் வகுத்தால் வேகம். பிறகு நானே ஒவ்வொரு சொல்லாகப் படித்து, படிக்க முடிந்தவற்றைக் குறித்துக்கொண்டேன். மொத்தச் சொற்களில் அவை எத்தனை சதவீதமோ அதுதான் தெளிவு.

ஒரு மாணவியின் தாள் இப்படி வந்தது. பிரிண்டில் 156 எழுத்து, அதாவது நிமிடத்துக்கு 78. 36 சொல்லில் 35 படிக்க முடிந்தது. கர்சிவில் 184 எழுத்து, நிமிடத்துக்கு 92. 43 சொல்லில் 41 படிக்க முடிந்தது. தெளிவு 97, 95. கிட்டத்தட்ட எல்லாத் தாளும் இதே கதைதான், 94க்குக் கீழே யாருமில்லை.

ஆனால் இதே பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தும்போது கண் பிதுங்குகிறது. அப்படியென்றால் நான் அளந்தது என்ன?

மைக்கூடு

இதில் சிக்கல் எங்கே இருக்கிறது டீச்சர்? கர்சிவில் பேனாவைத் தாளிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, அதனால் வேகம். நிமிடத்துக்கு 14 எழுத்து கூடுதல் என்று உங்கள் கணக்கே சொல்கிறது. தெளிவில் இரண்டு சதவீதம் போனால் போகட்டும். கர்சிவையே பழக்குங்கள்.

கோடுபோட்ட நோட்டு

மைக்கூடு, அந்த 14ஐ நான் அப்படியே நம்ப மாட்டேன். கர்சிவ் இரண்டாவதாக வந்திருக்கிறது, அதுவும் அதே பத்தி. முதல் தடவை ஒவ்வொரு சொல்லுக்கும் புத்தகத்தை நிமிர்ந்து பார்த்த பிள்ளை, இரண்டாம் தடவை பாதி வாக்கியத்தை நினைவிலிருந்தே எழுதியிருக்கும். கூடுதல் வேகத்தில் எவ்வளவு எழுத்துமுறையால் வந்தது, எவ்வளவு நினைவால் வந்தது என்று இந்தத் தாளை வைத்துப் பிரிக்கவே முடியாது. ஒரே அளவு கடினமான இரண்டு பத்திகள் எடுங்கள். பாதி வகுப்பு பிரிண்டில் தொடங்கட்டும், மீதிப் பாதி கர்சிவில். எந்தப் பத்தி எந்த முறைக்கு என்பதையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

டீச்சர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்தி உங்களுக்கு மனப்பாடம். அடுத்து என்ன சொல் வரும் என்று தெரிந்தால் கோணல்மாணலாக இருந்தாலும் கண் படித்துவிடும். விடைத்தாளில் அந்த வசதி கிடையாது. அதனால் பத்தியைப் பார்க்காத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஓர் அட்டையில் ஒரு சொல் மட்டும் தெரியும் அளவுக்குச் சன்னல் வெட்டி, கடைசிச் சொல்லிலிருந்து மேல்நோக்கி நகர்த்த வேண்டும். அவர் யோசித்துக்கொண்டு நிற்காமல், கண்ணில் பட்டதை எழுதிக்கொண்டே போகட்டும். அப்புறம் மூலத்தோடு ஒப்பிடுங்கள். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும்.

இன்னொன்று, எழுதும் முன் என்ன சொன்னீர்கள்? இங்கிலாந்தில் 2007இல் வெளிவந்த டாஷ் என்ற கையெழுத்துச் சோதனையில் ஒரே வாக்கியத்தை ஒருமுறை நன்றாகவும் ஒருமுறை வேகமாகவும் எழுதச் சொல்லித் தனித்தனியாக எண்ணுவார்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் சில பிள்ளைகள் படம் வரைவதுபோல் எழுதும், சில பிள்ளைகள் ஓட்டப்பந்தயமாக எடுத்துக்கொள்ளும்.

இடதுகை அம்மா

என் மகன் இடது கைக்காரன். எழுதியதன் மேலேயே கை இழுபட்டு மை கலைந்துவிடுகிறது. தமிழும் அப்படித்தான். கர்சிவுக்கு மாறினால் சரியாகுமா?

கோடுபோட்ட நோட்டு

கர்சிவால் அது சரியாகாதுங்க. தாளை வலப்பக்கமாகச் சாய்த்து, கை வரிக்குக் கீழே இருக்கும்படி எழுதச் சொல்லுங்கள். சீக்கிரம் காயும் மையாகவும் பாருங்கள்.

ஏழாம்வகுப்பு டீச்சர்

சொன்னபடி செய்து பார்த்தேன். "வழக்கமாக எழுதுவதுபோல், ஆனால் நிறுத்தாமல்" என்று மட்டும் சொன்னேன். அதே மாணவி இந்தத் தடவை கர்சிவில் தொடங்கினாள். கர்சிவில் 162 எழுத்து, நிமிடத்துக்கு 81. பிரிண்டில் 160, நிமிடத்துக்கு 80. வேறு வகுப்பு ஆசிரியர் ஒருவர் அட்டைச் சன்னல் வைத்துப் படித்தார். பிரிண்டில் 37 சொல்லில் 34, அதாவது 92 சதவீதம். கர்சிவில் 38 சொல்லில் 28தான், 74 சதவீதம்!

தவறிய பத்துச் சொற்களில் ஆறில் 'ஓ' எழுத்துக்குப் பின் 'ஆர்' அல்லது 'என்' வருகிறது. படித்தவர் அந்த 'ஓ' எல்லாவற்றையும் 'ஏ' என்று எழுதி வைத்திருக்கிறார்.

மைக்கூடு

சரி, வேகம் கிட்டத்தட்ட சமம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டையும் பெருக்கி ஒரே மதிப்பெண்ணாக்கிவிடலாமே? பிரிண்ட் 80இல் 92 சதவீதம், 74. கர்சிவ் 81இல் 74 சதவீதம், 60. எந்த முறை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கோடுபோட்ட நோட்டு

ஒரு பிள்ளையின் இரண்டு முறைகளை ஒப்பிட மட்டும் அது பரவாயில்லை. பிள்ளைக்குப் பிள்ளை ஒப்பிட்டால் ஏமாற்றும். நிமிடத்துக்கு 100 எழுத்து எழுதி 60 சதவீதம் மட்டும் படிக்க முடிகிற பிள்ளைக்கும் 60தான், 60 எழுத்து எழுதி முழுவதும் படிக்க முடிகிற பிள்ளைக்கும் 60தான். முதல் பிள்ளை வேகத்தைக் குறைக்க வேண்டும், இரண்டாவது கூட்ட வேண்டும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள், பெருக்க வேண்டாம்.

டீச்சர், அந்த 'ஓ' விஷயம்தான் முக்கியம். கர்சிவில் பெரும்பாலான எழுத்துகளின் இணைப்புக் கோடு அடிக்கோட்டிலிருந்து கிளம்பும். சிறிய 'ஓ', 'வி', 'டபிள்யூ', 'ஏ'க்கு அடுத்த 'பி' ஆகியவற்றுக்கு மட்டும் மேலிருந்து போகும். வேகம் கூடியதும் அந்தக் கோடு தொங்கி அடிக்கோட்டைத் தொடும், 'ஓ' அப்படியே 'ஏ' ஆகிவிடும். அந்த நான்கு எழுத்துகளின் இணைப்பை மட்டும் பழக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இது முழுக்கக் கர்சிவின் குற்றம் என்று இப்போதே எழுதிவிட வேண்டாம். 81க்கும் 80க்கும் உள்ள வித்தியாசத்தையும் பொருட்படுத்தாதீர்கள். ஒரே பிள்ளை நாளைக்கு எழுதினாலே அதைவிட அதிகம் மாறும். வகுப்பு முழுவதின் சராசரியைப் பாருங்கள்.

ஏழாம்வகுப்பு டீச்சர்

இணைப்பைப் பழக்கிப் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம். ஒரு பையன் எந்த முறை சொன்னாலும் கலந்துதான் எழுதுகிறான். சில எழுத்து சேரும், சில எழுத்து தனியாக நிற்கும். கணக்கில் அவனை எந்தப் பிரிவில் போடுவது?

கோடுபோட்ட நோட்டு

தனிப் பிரிவு போடுங்கள். ஸ்டீவ் கிரகாமும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1998இல் அமெரிக்க மாணவர்களை வைத்து இதையே பார்த்தார்கள். முழுக் கர்சிவும் முழுப் பிரிண்டும் எழுதியவர்களைவிடக் கலந்து எழுதியவர்கள்தான் வேகமாக எழுதினார்கள். தெளிவிலும் கர்சிவ் மிகுந்த கலப்புக்கு நல்ல மதிப்பெண்.

மைக்கூடு

கலந்து எழுதினால் எங்கள் பள்ளியில் மதிப்பெண் குறைப்பார்கள். அதற்கு என்ன செய்வது? அப்புறம் இரண்டு நிமிடத்தை வைத்துப் பேசுகிறீர்கள், தேர்வு மூன்று மணி நேரம். கை வலிக்கத் தொடங்கியபின் கர்சிவ்தான் தாங்கும் என்பது என் கட்சி.

கோடுபோட்ட நோட்டு

பள்ளி விதிக்கு என்னிடம் மருந்தில்லை. கை வலி பற்றி நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம், இரண்டு நிமிடச் சோதனையில் அது தெரியாது. டாஷிலேயே பத்து நிமிடம் சொந்தமாக எழுதும் பகுதி ஒன்று உண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எதுவரை எழுதினார்கள் என்று குறிப்பார்கள். டீச்சர், முடிந்தால் அதேபோல் செய்து முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி இரண்டு நிமிடத்தையும் ஒப்பிட்டு இங்கே போடுங்கள். சொந்தமாக எழுதும்போது யோசிக்க நிற்கும் நேரமும் சேர்ந்துவிடும், அதனால் அந்த எண்ணை, பத்தியைப் பார்த்து எழுதியபோது கிடைத்த எண்ணோடு நேராக ஒப்பிட வேண்டாம்.