காலாவதியான டேர்ம் பாலிசி: புதுப்பிப்பதா, புதிதாக எடுப்பதா?

உறுப்பினர்களுக்கு வணக்கம். 6 ஆண்டுகளாக நடப்பிலிருந்த என் டேர்ம் பாலிசியின் மாதத் தவணையான 1,450 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி பழைய சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்பட்டு வந்தது. வேலை மாறியபின் அந்தக் கணக்கில் பணம் இல்லாததால் மார்ச் மாதப் பற்று திரும்பிவிட்டது. குறுஞ்செய்தியும் கைவிட்ட பழைய எண்ணுக்கே சென்றிருக்கிறது. மாதத் தவணைக்குச் சலுகைக் காலம் 15 நாட்கள்தான். 30 நாட்கள் என்பது காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைகளுக்கே. ஆகவே மார்ச் 20 வரை நான் இறந்திருந்தால், நிலுவைத் தவணையைக் கழித்துக்கொண்டு காப்புத்தொகையைத் தந்திருப்பார்கள். அதன்பின் காப்பு இல்லை.

ஜூன் 12 அன்றுதான் இது தெரிந்தது. முதல் தவறிய தவணையிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் புதுப்பிக்கலாம் என்பதால் காலம் இருக்கிறது. நான்கு தவணைகளான 5,800 ரூபாயும் அதற்கான வட்டியும் பெரிய தொகையல்ல. உடல்நல உறுதிமொழிதான் சிக்கல். ஏப்ரலில் எனக்குச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது. அதை மறைத்தால், காப்பீட்டுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி புதுப்பித்த நாளிலிருந்து மூன்றாண்டுக் கணக்கு மீண்டும் தொடங்குவதால், குடும்பத்தின் உரிமைக்கோரல் மறுக்கப்படலாம். மறைக்க எனக்கு மனமும் இல்லை.

சர்க்கரை நோயைத் தெரிவித்துப் புதுப்பித்தவர்கள் இங்கு இருக்கிறீர்களா? மருத்துவப் பரிசோதனை கேட்டார்களா, தவணையை உயர்த்தினார்களா? புதிய பாலிசிக்கு இப்போதைய வயதுக்கேற்ற தவணை என்பதால் தயங்குகிறேன்.