ஏடிஆருக்குத் தமிழ்: முழுவீச்சா, மெய்வீச்சா?

குன்னூரிலிருந்து:
வணக்கம். ஒரு பங்கின் விலை நாளொன்றுக்குச் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் ஏடிஆருக்கு, அதாவது 'ஆவரேஜ் ட்ரூ ரேஞ்சு'க்கு, நம் பங்குச்சந்தைக் கையேட்டில் 'சராசரி உண்மை வீச்சு' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த பையன், "அப்போ மத்ததெல்லாம் பொய் வீச்சா?" என்கிறான். கேள்வி நியாயம்தான். இந்த அளவைக் கொண்டுவந்த வைல்டர் 1978-இல் அந்த 'ட்ரூ'வைச் சேர்த்ததே, நேற்றைய முடிவு விலைக்கும் இன்றைய விலைக்கும் நடுவே இரவில் விழும் இடைவெளிக்காக. நேற்றைய முடிவு 400 ரூபாய் என்று வையுங்கள். இன்று உச்சம் 391, அடி 385. இன்றைய ஆட்டம் 6 ரூபாய்தான். ஆனால் நேற்றே வாங்கி வைத்திருந்தவர் 15 ரூபாய் இறக்கத்தைப் பார்த்துவிட்டார். கணக்கில் வருவது அந்த 15. அதனால் 'முழுவீச்சு' என்று வைக்கலாமா?

கொடைக்கானலிலிருந்து:
"பராமரிப்புப் பணி முழுவீச்சில் நடக்கிறது" என்று தினமும் செய்தியில் வருகிறதே ஐயா, குழம்பாதா? 'மெய்வீச்சு' என் பரிந்துரை. அப்புறம், விலை இறங்கினால் தானாக விற்கப் போட்டுவைக்கும் ஸ்டாப் லாஸை, நான் தினமும் புது ஏடிஆரை இரண்டால் பெருக்கி, வாங்கிய விலைக்கு அத்தனை ரூபாய் கீழே மாற்றிவைக்கிறேன். சந்தை ஆடினால் ஸ்டாப்பும் விலகத்தானே வேண்டும்?

கோத்தகிரியிலிருந்து:
எங்கள் பச்சைத் தேயிலை விலைக்கும் இந்த வீச்சைப் போடலாமா? இந்த மாதம் ஒரே ஏற்ற இறக்கம்.

குன்னூரிலிருந்து:
அக்கா, வீச்சைக் கணக்கிடலாம். ஆனால் பறித்த இலையை வைத்திருந்து நினைத்த விலையில் வெளியேற முடியாதே. ஸ்டாப்புக்கு அங்கே வேலையில்லை.

கொடைக்கானல் தம்பி, விலக்குவது வாங்கும்போது சரி. 400-க்கு வாங்குகிறீர்கள், ஏடிஆர் 8, ஸ்டாப் 16 ரூபாய் கீழே, 384-இல். 2,000 ரூபாய் வரை இழக்கலாம் என்றால் 2,000-ஐ 16-ஆல் வகுத்து 125 பங்கு. அதே பங்கு ஏடிஆர் 20 இருக்கும் நேரத்தில் என்றால் ஸ்டாப் 360, பங்கு 50 மட்டும். தூரம் கூடக் கூட எண்ணிக்கை குறைகிறது, இழப்பு அதே 2,000. நீங்களோ 125 பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஏடிஆர் 12 ஆனதும் ஸ்டாப்பை 376-க்கு இறக்கினால் இழப்பு 3,000 ஆகிவிடும். வாங்கிய பிறகு ஸ்டாப் மேலே ஏறலாம், கீழே இறங்கக்கூடாது.

உதகையிலிருந்து:
கணக்கு சரி. ஆனால் ஏடிஆர் மெதுவாகத்தான் விழிக்கும். மேலே சொன்ன 15 ரூபாய் வீச்சையே 14 நாள் சராசரியில் சேர்த்துப் பாருங்கள்: 8-ஐ 13-ஆல் பெருக்கி, 15-ஐக் கூட்டி, 14-ஆல் வகுத்தால் 8.5. காலாண்டு முடிவு வரும் நாளில் இந்த எண்ணை நம்பி 125 பங்கு வைத்திருந்து, மறுநாள் அந்தப் பங்கு 370-இல் திறந்தால், 384-இல் போட்ட ஸ்டாப் 370-ஐ ஒட்டித்தான் விற்கும். போவது 3,750. ஆகவே கையேட்டில் ஸ்டாப் லாஸுக்கு 'இழப்பு வரம்பு' என்று எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. அது வரம்பில்லை, விற்கத் தொடங்கும் விலை. 'வெளியேற்ற விலை' என்று மாற்றுங்கள்.

கொடைக்கானலிலிருந்து:
ஸ்டாப்பை இறக்குவதை விட்டுவிடுகிறேன். 'மெய்வீச்சை' விடமாட்டேன்.

குன்னூரிலிருந்து:
'வெளியேற்ற விலை'யில், லாபத்தில் விற்பதும் அடங்கிவிடுமே? அதற்கு ஒரு வழி சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.