சுறாப் புட்டு: பாலில் ஊறவைத்தும் நெடி போகவில்லை

மகளுக்குப் பிரசவமாகி மூன்று வாரங்கள் ஆகின்றன. அவளுக்குச் சுறாப் புட்டு செய்துகொடுக்க இரண்டு முறை முயன்றும், மூக்கில் ஏறும் நெடியால் அவள் ஒரு வாய்கூட உண்ணவில்லை.

முதல் முறை, காலையில் வாங்கிய அரைக் கிலோ பால் சுறாவை உப்பும் மஞ்சளும் தேய்த்துக் கழுவி, துண்டுகள் மூழ்கும் அளவு காய்ச்சாத பாலில், குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்தேன். பால் இளஞ்சிவப்பாக மாறியது, மேலிருந்த கவிச்சியும் வெகுவாகக் குறைந்தது. ஆனால், வேகவைத்துத் தோலை உரித்ததும் பழைய நெடியே ஆவியோடு எழுந்தது. சுறாவின் சதையில் உள்ள யூரியா, மீன் இறந்த பிறகு அம்மோனியாவாக மாறுவதால் வரும் நெடி இது. அதை அடக்கப் புளிப்பு வேண்டும், பாலில் அது மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

ஆகவே, இரண்டாம் முறை புளிக்கரைசலில் இருபது நிமிடம் ஊறவைத்தேன். நெடி அடங்கியது, புட்டோ வாயில் வைக்க முடியாதபடி புளித்தது. இரண்டு முறையும் சுறா ஐஸில் வைத்து விற்கப்பட்டதுதான். சதை உறுதியாகவே இருந்தது.

பாலுக்குப் பதிலாக மோரில் ஊறவைத்துச் சுறாப் புட்டு செய்தவர்கள், புளிப்பு ஏறாமல் நெடி மட்டும் போக எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள்?